மூளை நீர் ஏன் ஊறிக்கொண்டே இருக்கிறது, வழி அடைந்தால் ஏன் அழுத்துகிறது

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. காலையில் தலைவலி, வாந்தி என்று காட்டப் போனோம். தலைக்குள் நீர் கோத்திருக்கிறது, நடுவில் ஒரு சின்னக் குழாய் அடைபட்டிருக்கிறது என்கிறார்கள். அந்த நீர் எங்கே ஊறுகிறது, எங்கே வடிகிறது? வழி அடைத்துவிட்டால் உடல் தானாகவே ஊறவைப்பதை நிறுத்திக்கொள்ளாதா? முதுகில் ஊசி போட்டு எடுத்துவிட முடியாதா?

பதில்:

நிறுத்திக்கொள்ளாது. முதுகு வழியாக எடுப்பதும் இந்த வகை அடைப்பில் ஆபத்து. இரண்டுக்குமே காரணம் உண்டு. நரம்பு அறுவைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊற்றிலிருந்தே தொடங்குவோம்.

மூளைக்கு உள்ளே நான்கு அறைகள் இருக்கின்றன. ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் வென்ட்ரிக்கிள். இடமும் வலமுமாக இரண்டு பெரிய பக்க அறைகள், அவற்றுக்கு நடுவே ஒடுக்கமான மூன்றாம் அறை, பின்பக்கம் கீழே நான்காம் அறை. இவற்றின் சுவரில் சிவப்பாக, கொத்துக் கொத்தாகத் தொங்குகிற ஒரு திசு உண்டு. அதன் பெயர் கோராய்டு பிளெக்சஸ். எண்டோஸ்கோப் வழியாகப் பார்த்தால் தண்ணீருக்குள் அசைகிற கடற்பாசி போல, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். மூளை நீரில் பெரும்பங்கு இங்கேதான் ஊறுகிறது. மீதி கொஞ்சம் மூளைத் திசுவிலிருந்தே கசிந்து வருகிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஊறுவது சுமார் 500 மில்லி. மணிக்கு 20 மில்லி, அதாவது எட்டு ஒன்பது வினாடிக்கு ஒரு சொட்டு. ஆனால் எந்த நேரத்தில் அளந்தாலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மொத்தமாக இருப்பது 150 மில்லி அளவுதான். மொத்த நீரும் ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வடிந்து, புதிதாக நிரம்புகிறது என்று பொருள். தேங்கிய குட்டை என்று நினைத்துப் பார்த்தால் இந்த நோய் புரியாது. ஒரு பக்கம் ஊறி மறுபக்கம் வடிகிற ஓடை இது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரணமாக ஒரு பாத்திரத்தில் அழுத்தம் ஏறினால் உள்ளே வருகிற நீர் குறைய வேண்டும். இங்கே குறையாததற்குக் காரணம், நீர் ஊறும் விதம். கோராய்டு பிளெக்சஸின் செல்கள் இரத்தத்தை வெறுமனே வடிகட்டுவதில்லை. சோடியம் உப்பைப் பிடித்து அறைக்குள் தள்ளுகின்றன. அதற்கென்றே ஆற்றலைச் செலவழித்து ஓடுகிற பம்புகள் அந்தச் செல்களின் சுவரில் இருக்கின்றன. உப்பு போன பக்கம் தண்ணீர் தானாகப் போகிறது. உப்பின் இழுப்பு எவ்வளவு பலமானது தெரியுமா? இரத்தத்திலுள்ள மொத்த உப்புச் செறிவில் முந்நூறில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே அது சுமார் 19 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். மண்டைக்குள் இருக்கும் இயல்பான அழுத்தம், பெரியவர் படுத்திருக்கும்போது, 7 முதல் 15 மி.மீ. பாதரசம், குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. எனவே அது 30 ஆக ஏறினாலும் அந்தப் பம்புகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூளைக்கு இரத்தமே சரியாக வராத நிலைக்கு அழுத்தம் போனால்தான் ஊறுவது ஓரளவு குறையும். அந்த நேரத்தில் அது உதவிக்கு வராது.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை இந்தச் செல்களின் ஒரு நொதியை மந்தப்படுத்தி ஊறும் அளவைக் குறைக்கும். குறைக்கும்தான், நிறுத்தாது. அடைபட்ட குழாய்க்கு மாத்திரை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊறிய நீர் போகும் வழியைப் பார்ப்போம். பக்க அறைகளிலிருந்து ஆளுக்கொரு சிறு வாசல் வழியாக மூன்றாம் அறைக்கு வருகிறது. அங்கிருந்து நான்காம் அறைக்குப் போக ஒரே ஒரு வழிதான். சில்வியஸ் கால்வாய் என்று சொல்லப்படும் குழாய் அது. நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, அகலம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர். நாள் முழுவதும் ஊறுகிற நீரில் பெரும்பகுதி இந்த ஒரு நூலளவு வழியில்தான் இறங்க வேண்டும். நான்காம் அறைக்கு வந்தபிறகு கவலையில்லை, அங்கே மூன்று திறப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக நீர் மூளைக்கு வெளியே வந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிப் பரவுகிறது. பிறகு உச்சந்தலைக்கு நேர் கீழே ஓடுகிற பெரிய சிரைக்குள், சுவரில் உள்ள சிறு மொட்டுகள் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. மூக்கின் மேல்பக்க நரம்புகளை ஒட்டி நிணநீர்க் குழாய்களுக்கும் ஒரு பங்கு போகிறது.

உங்கள் பையனுக்கு அடைபட்டிருப்பதாகச் சொன்ன அந்தச் சின்னக் குழாய் அநேகமாக இந்தச் சில்வியஸ் கால்வாய்தான். குழந்தைகளில் அடைப்பு அடிக்கடி நேர்கிற இடமும் அதுவே. சிலருக்குப் பிறவியிலேயே ஒடுக்கமாக இருக்கும். சிலருக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே வளர்ந்திருக்கும். சிலருக்குக் குழாயை ஒட்டிய இடத்தில் மெதுவாக வளரும் சிறு கட்டி வெளியிலிருந்து நெருக்கும். பழைய இரத்தக் கசிவோ மூளைக்காய்ச்சலோ விட்டுப்போன வடுவாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் நிரூபித்த கதை சுவையானது. 1913, 1914 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டான்டி என்ற இளம் அறுவை மருத்துவரும் கென்னத் பிளாக்ஃபேன் என்ற குழந்தை மருத்துவரும் நாய்களின் இந்தக் கால்வாயில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து அடைத்தார்கள். அடைப்புக்கு மேலே இருந்த மூன்று அறைகளும் வீங்கின. சில ஆண்டுகள் கழித்து டான்டி இன்னொன்றும் செய்தார். ஒரு பக்க அறையின் வாசலை மட்டும் அடைத்தால் அந்த அறை மட்டும் வீங்கியது. அதே அறையிலிருந்து கோராய்டு பிளெக்சஸை எடுத்துவிட்டு வாசலை அடைத்தபோது அறை வீங்காமல் சுருங்கியது. ஊற்று எது, வடிகால் எது என்பது அப்படித்தான் தெளிந்தது. நோயாளியின் அறைக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தி, சில நிமிடங்களில் அது முதுகில் எடுக்கும் நீரில் தெரிகிறதா என்று பார்க்கும் முறையையும் அந்த இருவரே கொண்டுவந்தார்கள். தெரிந்தால் வழி திறந்திருக்கிறது, உறிஞ்சும் இடத்தில்தான் கோளாறு. தெரியாவிட்டால் நடுவில் எங்கோ அடைப்பு. இன்றைக்கு எம்.ஆர்.ஐ. அந்த வேலையைச் செய்கிறது. ஆனாலும் மருத்துவர்கள் மனதில் கேட்டுக்கொள்வது அதே கேள்வியைத்தான்.

சரி, அடைத்தால் அழுத்தம் ஏறுவது ஏன்? நல்ல நிலையில் உள்ள கணக்கை முதலில் பார்த்தால் இது எளிது. நீர் சிரைக்குள் போக வேண்டுமென்றால் சிரையில் இருக்கும் அழுத்தத்தைவிட மண்டைக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது வடிகாலின் தடையைப் பொறுத்தது. நிமிடத்துக்கு ஊறுவது 0.35 மில்லி. நிமிடத்துக்கு 1 மில்லி தள்ள 8 மி.மீ. அழுத்தம் தேவைப்படும் வடிகால் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2.8. சிரையின் அழுத்தம் 6 என்றால், மண்டைக்குள் ஏறக்குறைய 9 மி.மீ. பாதரசம். இதுதான் இயல்பு நிலை. உறிஞ்சும் மொட்டுகள் பழுதாகித் தடை இரண்டு மடங்கானால், 5.6 உடன் 6 சேர்ந்து 12 அளவில் போய் நிற்கும். கவனியுங்கள், நிற்கும். வழி ஒடுங்கியதே ஒழிய மூடவில்லை, எனவே கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் ஊறுவதும் வடிவதும் மறுபடி சமமாகிவிடுகின்றன.

கால்வாய் முழுக்க அடைந்தால் அந்தச் சமநிலையே கிடையாது. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் நீர் வடிகாலைப் போய்ச் சேர வழியில்லை. மணிக்கு ஊறும் 20 மில்லியில் 15 மில்லி அடைப்புக்கு மேலே ஊறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் 30 மில்லி. அது உட்கார இடம் வேண்டுமே?

மண்டையோடு இடம் கொடுக்காது. எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்ரோ 1783இல் சொல்லி, ஜார்ஜ் கெல்லி 1824இல் வலுசேர்த்த கருத்து இது. பெரியவரின் மண்டைக்குள் மூளை சுமார் 1,400 மில்லி, இரத்தம் 150 மில்லி அளவு, தண்டுவடப் பக்கம் உள்ளது போக நீர் அதைவிடச் சற்றுக் குறைவு. பெட்டி விரியாது என்பதால் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆக வேண்டும். முதலில் மூளையின் மேற்பரப்பில் உள்ள நீர் தண்டுவடப் பக்கம் இறங்கி இடம் விடுகிறது. அடுத்து சிரைகளில் இருக்கும் இரத்தம் பிழிந்து வெளியேறுகிறது. இந்த இரண்டும் விட்டுக்கொடுக்கும் வரை அழுத்தம் அதிகம் ஏறாது. ஏதோ நடக்கிறது என்றே வெளியில் தெரியாது. அந்த இருப்புத் தீர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. முன்பு 10 மில்லி சேர்ந்தபோது ஒன்றிரண்டு புள்ளி ஏறிய அழுத்தம், இப்போது அதே 10 மில்லிக்குக் கிடுகிடுவென ஏறும். நேற்றுவரை ஓடி விளையாடிய பிள்ளை இன்று எழுந்திருக்கவில்லை என்று பெற்றோர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்றம்தான் நினைவுக்கு வரும். நோய் நேற்று வந்ததில்லை. இடம் நேற்றுத் தீர்ந்தது.

அழுத்தம் ஏறுவதில் உண்மையான கேடு இரத்த ஓட்டத்துக்குத்தான். மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் விசை என்பது சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் உள்ள அழுத்தத்தைக் கழித்தால் வருவது. 80இல் 10 போனால் 70, தாராளம். மண்டைக்குள் 40 ஆகிவிட்டால் மீதி 40தான். அந்த நிலையில் உடல் பதறி இரத்த அழுத்தத்தை உயர்த்தும், நாடி மெதுவாகும், மூச்சு ஒழுங்கு தப்பும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவமனையில் எல்லோரும் ஓடுவார்கள்.

அப்படியானால் மணிக்கணக்கில் முடிந்துவிட வேண்டிய விஷயம், உங்கள் பையனுக்கு எப்படி இத்தனை நாள் தாங்கியது என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் கால்வாய் ஒரே நாளில் மூடுவதில்லை, மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. அறைகளும் மெல்ல விரிகின்றன, சுற்றியுள்ள மூளைத் திசு நீரை இழந்து நெருக்கப்பட்டு இடம் விடுகிறது. இன்னொன்றும் நடக்கும்: விரிந்த அறையின் சுவரைத் தாண்டி நீர் மூளைத் திசுவுக்குள் கசியத் தொடங்கும். எம்.ஆர்.ஐ.யில் அறைகளின் முனைகளைச் சுற்றி வெள்ளைப் படலமாக அது தெரியும். அது ஒரு கள்ள வழி. அதனால் அழுத்தம் உயர்ந்த ஒரு மட்டத்தில் தற்காலிகமாக நிலைக்கிறது. ஒரு சளிக்காய்ச்சலோ தலையில் ஒரு சிறு அடியோ அந்த மட்டத்தைக் குலைக்கப் போதும்.

கைக்குழந்தைகளின் கதை வேறு. மண்டையோட்டின் தையல்கள் சேராததால் தலையே பெரிதாகிவிடும். பிறக்கும்போது 35 செ.மீ. அளவுள்ள தலைச் சுற்றளவு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. அளவில் வளர வேண்டும். அதைத் தாண்டி ஓடினால், உச்சிக்குழி புடைத்தால், கண்ணின் கருவிழி கீழிமைக்குள் இறங்கி மேலே வெள்ளை தெரிந்தால், உடனே பார்க்க வேண்டும். ஒன்பது வயதில் இந்த வசதி இல்லை. பெட்டி மூடிவிட்டது.

நான் பார்த்த ஒரு பெண் குழந்தையைச் சொல்கிறேன், உங்கள் பையனுடைய நிலைக்குக் கிட்டத்தட்ட அதேதான். வயது 11. ஆறு வாரமாகக் காலைத் தலைவலி. எழுந்ததும் வலிக்கும், வாந்தி எடுத்ததும் சற்றுத் தணியும், பத்து மணிக்குப் பள்ளியில் நன்றாக இருப்பாள். காலையில் மட்டும் ஏன்? இரவு முழுக்கப் படுத்திருப்பதால் தலையின் சிரைகள் சரியாக வடியாது. தூக்கத்தில் மூச்சு சற்றுக் குறைவதால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி, மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். சில மில்லி இரத்தம் கூடுதலாகத் தேங்கும். இடமெல்லாம் தீர்ந்த மண்டைக்கு அந்தச் சில மில்லியே அதிகம். பகலில் எழுந்து நடந்தால் அது சரியாகிவிடும். அதனால்தான் முதலில் பார்த்த இடத்தில் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள், அடுத்து கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்தாவது வாரத்தில் தூரத்தில் உள்ளதெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு மண்டையின் அடித்தளத்தில் நீண்ட தூரம் ஓடுகிறது. மூளை அழுந்தும்போது அது இழுபட்டுத் தளர்கிறது. அடைப்பு அந்த நரம்பிலேயே இல்லை, எங்கே அழுத்தம் இருந்தாலும் அது பாதிக்கப்படும். அதோடு மேலே பார்க்கச் சொன்னால் கண் ஏறவில்லை. இது வேறு கதை: கண்ணை மேலே உயர்த்தும் மையம் சில்வியஸ் கால்வாயை ஒட்டியே இருக்கிறது. முதல் அறிகுறி அழுத்தம் இருக்கிறது என்றது, இரண்டாவது அறிகுறி எங்கே என்பதையும் காட்டியது. கண்ணின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்த்தபோது பார்வை நரம்பின் தலை வீங்கி, விளிம்பு மங்கியிருந்தது. பார்வை நரம்பைச் சுற்றியும் மூளை நீரின் உறை இருக்கிறது, அழுத்தம் அதன் வழியாகக் கண்ணின் பின்பக்கம் வரை வந்துவிடும். ஆறு வாரத்தில் யாராவது ஒருவர் அந்த விளக்கை எடுத்திருந்தால் கண்ணாடிச் செலவு மிஞ்சியிருக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் பக்க அறைகள் இரண்டும் பெரிது, மூன்றாம் அறை பெரிது, நான்காம் அறை இயல்பு. இதைப் படிக்கத் தெரிந்தால் வேறெதுவும் தேவையில்லை: மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அடைப்பு. அடைப்பு இன்னும் கீழே இருந்திருந்தால் நான்காம் அறையும் வீங்கியிருக்கும். மூன்றாம் அறையின் தரை கீழ்நோக்கிப் பை போல வளைந்திருந்தது. மேலேயும் கீழேயும் அழுத்தம் ஒன்றல்ல என்பதற்கு அது அடையாளம். கால்வாயின் மேல்முனையில் மெல்லிய ஒரு சவ்வு. கட்டி எதுவும் இல்லை.

அவளுடைய தாத்தாவும் உங்களைப் போலத்தான் கேட்டார், முதுகில் ஊசி போட்டு எடுத்துவிடுங்களேன் என்று. கணக்கு மறுபக்கம் போகிறது, பாருங்கள். முதுகில் ஊசி எடுப்பது அடைப்புக்குக் கீழே உள்ள நீரை. மேலே உள்ள நீர் அப்படியே அடைபட்டு நிற்கிறது. கீழே அழுத்தம் திடீரெனக் குறைந்தால் மேலிருந்து மூளை கீழே சரியும், மண்டையின் அடியில் உள்ள துளையில் மூளைத்தண்டு நெருங்கி மூச்சு நிற்கலாம். வழி திறந்திருக்கும் வகையில், அதாவது இரத்தக் கசிவுக்குப் பிறகோ வயதானவர்களின் நடைத் தடுமாற்றத்தோடு வரும் வகையிலோ, முதுகில் நீர் எடுப்பது உண்டு. ஒரே பெயருள்ள நோய்க்கு ஒருவருக்குச் செய்தது மற்றவருக்குச் செய்யாமலிருப்பது இதனால்தான்.

அந்தப் பெண்ணுக்குச் செய்தது மூன்றாம் அறையின் தரையில் ஒரு புதிய வழி திறக்கும் எண்டோஸ்கோப் அறுவை. வில்லியம் மிக்ஸ்டர் என்பவர் 1923இலேயே இதைச் செய்திருக்கிறார், அன்றைய கருவிகளின் வெளிச்சம் போதாததால் அப்போது பரவவில்லை. முன்னந்தலையில், முடிக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால், மண்டையில் ஒரு சிறு துளை. அதன் வழியாகக் குழாய் போன்ற கருவி பக்க அறைக்குள் நுழைந்து, வாசல் வழியாக மூன்றாம் அறைக்கு இறங்கும். எதிரே தெரியும் தரை அழுத்தத்தால் மெலிந்து கண்ணாடித் தாள் போல இருக்கும். பின்பக்கம் இரண்டு வெள்ளை மேடுகள், முன்பக்கம் ஒரு சிவந்த பள்ளம். இரண்டுக்கும் நடுவில்தான் துளை. அடியிலேயே மூளைத்தண்டுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி துடித்துக்கொண்டிருக்கும். அது கிழிந்தால் பேராபத்து, எனவே அந்த அரை நிமிடம் அறையில் யாரும் பேசுவதில்லை. துளைத்து, பலூனால் 5 மில்லிமீட்டர் அளவுக்கு விரித்ததும் தளர்ந்த தரை நாடித்துடிப்புக்கேற்ப மேலும் கீழும் படபடக்கும். நீர் மூளைக்கு வெளியே பாய்ந்து, பழைய வடிகாலையே போய்ச் சேர்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. வெளிப்பொருள் எதுவும் உடம்பில் விடப்படுவதில்லை.

இது யாருக்குப் பலிக்கும் என்பதைக் கணிக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. பத்து வயதும் அதற்கு மேலும் என்றால் 50, ஒன்று முதல் பத்து வரை 40. சில்வியஸ் கால்வாய் அடைப்பு என்றால் 30. முன்பு ஷன்ட் என்ற வடிகால் குழாய் வைக்கவில்லை என்றால் 10. கூட்டினால் அவளுக்கு 90. அதாவது ஆறு மாதத்துக்குப் பிறகும் வழி வேலை செய்யும் வாய்ப்பு நூற்றுக்கு 90 அளவு. உங்கள் பையனுக்கு அடைப்பு அந்தக் கால்வாயில்தான், முன்பு ஷன்ட் இல்லை என்றால் 80. கைக்குழந்தைகளுக்கும் தொற்றுக்குப் பின் வந்தவர்களுக்கும் இந்த எண் மிகவும் குறையும், ஏனென்றால் வழி திறந்தாலும் உறிஞ்சும் இடம் தயாராக இருப்பதில்லை.

மற்றது ஷன்ட். அறையிலிருந்து தோலுக்கு அடியில் வயிறு வரை செல்லும் மெல்லிய குழாய், நடுவில் அழுத்தம் ஒரு அளவுக்கு மேல் போனால் திறக்கும் வால்வு. நம்பகமான முதல் வால்வுகளில் ஒன்றை 1956இல் செய்தவர் மருத்துவர் அல்ல. ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, இதே நோய் வந்த தன் மகனுக்காக. உயிர்காக்கும் கருவிதான், ஆனால் குழந்தைகளுக்கு வைப்பவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் முதல் ஆண்டிலேயே பழுதாகிறது. அடைப்பு பெரும்பாலும் மேல்முனையில், அதுவும் கோராய்டு பிளெக்சஸே குழாயின் துளைகளுக்குள் வளர்ந்து அடைப்பதுண்டு. ஊற்றே வடிகாலை மூடுகிறது!

அவளுக்கு மூன்றாம் நாளே காலைத் தலைவலி போய்விட்டது, இரட்டைப் பார்வை தெளிய ஆறு வாரம் ஆனது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அறைகள் கொஞ்சம்தான் சுருங்கியிருந்தன. பெற்றோர் முகம் வாடிவிட்டது. தரையில் திறந்த வழி அறுவை செய்தவர்களிடம் அறைகள் பழைய அளவுக்கு வராமலே போவது சாதாரணம். அறிகுறி மறைந்ததா, கண்ணின் நரம்பு வீக்கம் வடிந்ததா, புதிய துளையில் நீர் ஓடுவது ஸ்கேனில் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அளவை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம்.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை: நான்காம் அறை எப்படி இருக்கிறது, கால்வாயை நெருக்கும் கட்டி உண்டா இல்லையா, தரை வளைந்திருக்கிறதா, கண்ணின் உட்புறம் பார்த்தார்களா. அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் இடைவெளியில் தலைவலியைவிட உறக்கத்தைக் கவனியுங்கள். பகலில் எழுப்பினாலும் மந்தமாக இருப்பது, மறுபடி மறுபடி தூங்கிவிடுவது, பேச்சு குழறுவது, வாந்தி நிற்காமல் வருவது, இவற்றில் ஒன்று வந்தாலும் குறித்த நாளுக்குக் காத்திராமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், இரவு இரண்டு மணியாக இருந்தாலும். அறுவை நன்றாக முடிந்து வருடங்கள் ஆனபிறகும் இது பொருந்தும், திறந்த துளை அரிதாகத் திடீரென மூடிக்கொள்வதுண்டு. அப்போது பார்க்கும் மருத்துவருக்கு இவனுடைய கதை தெரியாமலிருக்கலாம். ஸ்கேன் பிரதி ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.